ஆமையாரின் வளையமும் எஞ்சினியரம்மாவின் கட்டைவிரலும்

ஆமையார் தண்ணீருக்கடியில் தும்மினால் மேலே நிற்கும் படகு ஒரு முழம் தள்ளிப் போகும் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். அரை முழம்தான் போகும்.

கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பது அவர் தொழில். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். எதற்கும் பதறாதவர் என்பதால்தான் அந்தப் பெயரே வந்தது. ஒருமுறை சுறா ஒன்று பக்கத்தில் வந்து நின்றபோதுகூட, சுரண்டிக்கொண்டிருந்த இடத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம். காத்திருந்து அலுத்துப்போய்ச் சுறாவே கிளம்பிவிட்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு நாளாக வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி எதற்கு மூடினோம் என்று திறந்தார். தட்டில் வைத்த சாப்பாடு ஆறிப்போய், அக்கா எடுத்துச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்து, அதுவும் ஆறியது.

காரணம் ஒரு கட்டைவிரல். அதுவும் நிஜக் கட்டைவிரல் அல்ல. கைபேசியில் வந்த மஞ்சள் கட்டைவிரல். மேலே பார்த்து நிமிர்ந்து நின்றது.

அனுப்பியவர் ஒரு எஞ்சினியரம்மா. சரக்குக் கப்பல் ஒன்றில் இரண்டாம் எஞ்சினியர், பிரேசில் நாட்டுக்காரி, இவர் வயதுதான் இருக்கும். போன வருஷம் அந்தக் கப்பல் இங்கே வந்தபோது ஆமையார்தான் அதன் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்தார். அடியில் ஆள் இருக்கும்போது கப்பலின் விசிறி சுற்றக்கூடாது, கடல் தண்ணீரை உறிஞ்சும் குழாய்கள் இழுக்கக்கூடாது. இரண்டையும் நிறுத்திப் பூட்டி, சாவியைக் கீழே இறங்குபவன் கையில் கொடுக்க வேண்டியவர் எஞ்சினியரம்மா. வேறு யாராவது என்றால் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த அம்மா ஒவ்வொரு நாளும் படகுவரைக்கும் இறங்கி வந்து, சாவியை இவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போனார். உயிரைக் கையில் கொடுப்பது என்பார்களே, அதை நிஜமாகவே செய்த பெண்பிள்ளை. ஆமையார் விழுந்துவிட்டார்.

பேச்சுத்தான் தகராறு. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடி. அதிலும் பாதி நட்டு, போல்ட்டு, குழாய். கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். "உங்களை நினைச்சுக்கிட்டே வேலை பார்த்தேன்" என்று இவர் சொன்னது, "உங்களைச் சுரண்டினேன்" என்கிற மாதிரி எதுவோ ஆகி அங்கே போனதாகத் தெரிகிறது. அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அன்றோடு அதை விட்டார். கப்பல் கிளம்பிய பிறகு இருவருக்கும் கைப் படங்களே கதி என்றாயிற்று.

தண்ணீருக்கடியில் வாய் இல்லாமல் முப்பது வருஷம் பேசினவருக்கு அது ஒன்றும் புதிதல்ல. மூழ்கி வேலை செய்கிறவர்களுக்கு மிக அருமையான சொல் ஒன்று உண்டு. சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வளையமாக்கி, மற்ற மூன்று விரலையும் நீட்டிக் காட்டுவது. "நல்லாயிருக்கியா?" என்பதும் அதுதான், "நல்லாயிருக்கேன்" என்பதும் அதுதான். கேட்டவனுக்குப் பதில் வராவிட்டால் ஏதோ ஆபத்து என்று பொருள். ஆமையார் தினமும் காலையில் பல்கூடத் துலக்காமல் அந்த அம்மாவுக்கு ஒரு வளையம் அனுப்பினார். முதலில் கொஞ்ச காலம் பதிலே இல்லை. பிறகு ஒருநாள் சூரியன் வந்தது. அப்புறம் மீன் வந்தது. ஒருநாள் எஞ்சின் அறையில் கிரீஸ் பூசிய தன் முகத்தையே படம் பிடித்து அனுப்பினார். அன்று ஆமையார் இரண்டு கப்பலைத் தனியாகச் சுரண்டினார்.

இப்போது அந்தக் கப்பல் திரும்ப வருகிறது. எஞ்சினியரம்மாவின் ஒப்பந்தமும் முடிகிறது. இங்கேயே இறங்கி ஊருக்கு விமானம் ஏறலாம், அல்லது ஏறாமல் இருந்துவிடலாம். ஆமையார் ஒரு வாரம் யோசித்து, தன் வீட்டுக் கதவைப் படம் எடுத்து, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைப் படம் எடுத்து, கடைசியில் ஒரு வளையமும் கேள்விக்குறியும் போட்டு அனுப்பினார்.

பதிலுக்கு வந்ததுதான் அந்தக் கட்டைவிரல்.

மூழ்குகிறவர்கள் அகராதியில் கட்டைவிரலை மேலே காட்டினால் "மேலே போ" என்று அர்த்தம். போதும், முடிந்தது, வெளியேறு. அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. ஏன் என்று கேட்பவன் மூழ்குகிறவனே அல்ல. எவன் காட்டினாலும், என்ன காரணத்துக்குக் காட்டினாலும், எதிராளி தானும் கட்டைவிரலைக் காட்டி ஒப்புக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு ஏறிவிட வேண்டும்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஆமையார் அந்த விதியை மீறினார். பதிலுக்குக் கட்டைவிரல் காட்ட மனசு வரவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். விதிப்படி நடந்து ஒரே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே சுபமாக முடிந்திருக்கும். நாமும் வேறு வேலை பார்க்கப் போயிருக்கலாம்.

கைபேசியைப் பிடுங்கிப் பார்த்த அக்கா சிரித்தார். "டேய், இது வெற்றிடா! கட்டைவிரல் காட்டினா நல்லதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். இதுக்கா சோறு இறங்கல உனக்கு?"

கூரியர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா மகள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"வெறும் கட்டைவிரலா? கூட ஒரு வார்த்தைகூட இல்லையா?"

"இல்லையே."

"பூ, இதயம், ஒண்ணும் இல்ல?"

"அதான் இல்லைங்கிறேனே."

"அய்யோ மாமா."

"என்னடி அய்யோ மாமா?"

"எங்க செட்டுல யாராவது வெறும் கட்டைவிரல் போட்டா, 'சரி, போதும், ஆளை விடு'ன்னு அர்த்தம். முகத்துல அடிச்ச மாதிரி. எங்க மேனேஜர் அப்பிடித்தான் போடுவாரு, அன்னிக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடாது. அவருக்கு அம்பத்தஞ்சு வயசு, பாவம், பாராட்டுறதா நினைச்சுத்தான் போடுறாரு."

"அந்தம்மாவுக்கும் அம்பது வயசு ஆகுதேடி!" என்றார் அக்கா.

"அப்ப பாராட்டா இருக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். "சின்னவங்களோட சுத்துறவங்களா இருந்தா வேற."

"இவ வாயில நல்ல வார்த்தையே வராது. போடி வேலைக்கு!"

ஒரு கூரைக்கடியில் ஒரே விரலுக்கு மூன்று அர்த்தம். ஆமையார் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். நேராகக் கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போனார். ஏஜெண்டு எல்லா நாட்டு மாலுமிகளையும் வரவேற்றுப் பழகியவர். எந்த நாட்டானுக்கு எந்தச் சொல் சுடும் என்று அறிந்து, அதற்கேற்பச் சிரிக்கத் தெரிந்த மனிதர்.

"எந்த ஊரு ஆளு அனுப்பினது?" என்றுதான் முதலில் கேட்டார். "ஈரான், ஈராக் பக்கத்துப் பழைய ஆளுங்கன்னா கட்டைவிரல் கெட்ட வார்த்தை. இப்பத்தி பசங்க கண்டுக்கிறதில்ல."

"பிரேசில்."

"அட, அவங்களுக்கு அது குட்மார்னிங் மாதிரிய்யா! வழி விட்டா கட்டைவிரல், காபி குடுத்தா கட்டைவிரல். நல்லது, சரி, நன்றி, எல்லாம் அதுலயே அடக்கம். உங்களுக்கு ராஜயோகம் போங்க."

ஆமையாருக்கு நெஞ்சு தக்கை மாதிரி மேலே வந்தது. நாற்காலியில் அமர்ந்து, இரண்டு நாளில் முதல் முறையாக முழு மூச்சு விட்டார்.

"அது சரி, நீங்க என்ன அனுப்பினீங்க?" என்றார் ஏஜெண்டு, தேநீரை நீட்டியபடி.

ஆமையார் பெருமையாக விரல்களைச் சேர்த்து வளையம் காட்டினார்.

ஏஜெண்டு தேநீரை மேஜைமேல் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையை இறக்குங்க முதல்ல. இதையா? ஒரு பொம்பளைக்கா?"

"தினமும்."

"தினமுமா!"

"காலையில. எந்திரிச்ச உடனே."

ஏஜெண்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு காதருகே குனிந்து, அந்த ஊரில் அந்த வளையம் உடம்பின் எந்தப் பாகத்தைக் குறிக்கிறது என்று சொன்னார். மேலும், அதைக் காட்டுகிறவன் எதிராளியை அந்தப் பாகத்துக்கு என்ன செய்யச் சொல்கிறான் என்பதையும் விளக்கினார். ஆமையாரின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. துறைமுகத்தின் கிழக்குப் பக்கத்து விளக்கு அன்று பகலிலேயே எரிந்ததாகச் சிலர் சொல்வது இதைத்தான்.

"துருக்கியிலயும் இது வம்புதான்," என்று ஏஜெண்டு அடுக்கினார். "பிரான்ஸ்ல காட்டினா நீ பூஜ்யம், ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்னு போகும். ஜப்பான்காரன் காசைச் சொல்றான்னு நினைப்பான். சில ஊர்ல இனவெறி புடிச்ச கூட்டம் இதைத் தங்களோட அடையாளமா எடுத்துக்கிச்சு, அதனால அங்க எவனும் படத்துக்கு நிக்கும்போது இதைக் காட்ட யோசிக்கிறான். பிரேசில்லயும் சின்னப் பசங்க போன்ல இதைச் சும்மா 'ஓகே'ன்னுதான் போடுறாங்க. ஆனா உங்க அம்மாவுக்கு வயசு என்னன்னீங்க?"

"என் வயசு."

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க."

வந்தபோது ஒரு கவலை. போகும்போது இரண்டு. தினமும் அப்படி ஒரு வசவை வாங்கியவள் கட்டைவிரல் காட்டினால் அது சம்மதமா, இல்லை, 'நல்லாயிருடா சாமி, ஆளை விடு' என்பதா? நேரில் கேட்டுவிடலாம் என்றால் கட்டைவிரலைக் கேள்வி கேட்கக்கூடாது. கேட்காவிட்டால் கப்பல் வேலை முடிந்து போய்விடும்.

மறுநாள் காலை கப்பல் வந்து நின்றது. ஆமையாரும் அவர் கூட்டாளி சோடாவும் படகில் காற்று இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு கப்பலையொட்டிப் போய் நின்றார்கள். கண்ணாடி தடித்திருந்ததால் அவனுக்குச் சோடா என்று பெயர். ஆமையார் மேலே பார்த்தார். கைப்பிடிக் கம்பியோரம் யார் யாரோ நின்றார்கள். எஞ்சினியரம்மா இல்லை. சாவி வந்தது. கயிற்றில் கட்டி இறக்கியிருந்தார்கள்.

"என்னண்ணே, சாவி தொங்கிக்கிட்டு வருது?" என்றான் சோடா.

"வேலையைப் பாரு."

"உங்க மூஞ்சியும் தொங்குது."

"வேலையைப் பாருன்னேன்!"

இறங்கினார்கள். தண்ணீர் கலங்கல், கை தூரத்துக்கு மேல் தெரியாது. ஆமையார் சுரண்டினார். சுரண்டிய இடத்தையே மறுபடி சுரண்டினார். சிப்பி போன இடத்தில் பெயிண்டும் போயிற்று. இதைப் பார்த்த சோடாவுக்குச் சந்தேகம். நீந்தி முகத்துக்கு நேரே வந்து, விரலை வளைத்து வளையம் காட்டினான். நல்லாயிருக்கியா?

ஆமையாரின் கை தானாக எழுந்தது. சுட்டுவிரல் வளைந்து கட்டைவிரலை நெருங்கியது. அங்கே நின்றுவிட்டது. ஏஜெண்டு காதில் சொன்ன அந்தப் பாகம் கண்முன் வந்தது. வளையத்தைக் கூட்ட முடியவில்லை. கையை இறக்கினார்.

சோடா மறுபடி காட்டினான். பதில் இல்லை. மூன்றாவது தடவை முகமூடியில் முட்டுகிற மாதிரி காட்டினான். ஆமையார் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பதில் சொல்லாதவன் நலமில்லை. அதுதான் பாடம். சோடா கட்டைவிரலை மேலே காட்டி, ஆமையார் மார்பில் மாட்டியிருந்த பட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவர் உதறியும் விடாமல், நிதானமாக மேலே கொண்டுவந்து சேர்த்தான். தலை வெளியே வந்ததும் கத்தினான்: "ஆளுக்கு ஆபத்து! அண்ணன் பதில் சொல்லல!"

"எனக்கு ஒண்ணும் இல்லடா!"

"அதை அடியில சொல்லியிருக்கணும்!"

கப்பலில் மணி அடித்தது. யாரோ ஓடினார்கள். கயிற்று ஏணியில் முதல் ஆளாக இறங்கி வந்தது எஞ்சினியரம்மாதான். பின்னால் அவர் ஊர்க்காரியான ஓர் இளம் பெண் அதிகாரி. நல்ல ஆங்கிலம் பேசுவாள். சோடாவும் தன் பங்குக்கு ஆங்கிலம் பேசுவான். ஆக, ஆமையார் சொல்வதைச் சோடா ஆங்கிலத்தில் சொல்ல, அதை அந்தப் பெண் அவர்கள் பாஷையில் சொல்ல, நடுவில் காற்று இயந்திரம் கடகடவென்று இரைய, படகு ஆட, ஒரு பெண்பார்க்கும் படலம் நடந்தது.

எஞ்சினியரம்மா ஆமையாரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு எதுவோ கேட்டார்.

"ஏன் மேலே வந்தேன்னு கேக்குறாங்க," என்றான் சோடா.

"வளையம் காட்ட வரலேன்னு சொல்லு. அதுக்கு அவங்க ஊர்ல என்ன அர்த்தம்னு நேத்துத்தான் தெரிஞ்சதுன்னு சொல்லு. மன்னிக்கணும்னு சொல்லு."

சொற்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. இளம் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். எஞ்சினியரம்மா சிரிக்கவில்லை. நீளமாகப் பேசினார்.

சோடா மொழிபெயர்த்தான்: "முத வளையம் வந்தப்ப உங்க காற்றுக் குழாயை அறுத்துப் போட்டிருக்கணும்னு நினைச்சாங்களாம். அப்புறம் இந்தப் பொண்ணுகிட்டக் காட்டியிருக்காங்க. 'அத்தை, எங்க காலத்துல இது வெறும் ஓகே, அந்த ஆளு தப்பா அனுப்பல'ன்னு இது சொல்லியிருக்கு. நம்பாம இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சிருக்காங்க. அப்புறம் பழகிடுச்சாம். ஆனா தன் அக்காகிட்ட மட்டும் போனைக் காட்டவே இல்லையாம்."

"கட்டைவிரல்?" என்றார் ஆமையார். குரல் கீச்சென்று வந்தது. விதியை மீறிக் கேட்டேவிட்டார்.

எஞ்சினியரம்மா இதற்கு மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கி, அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "யெஸ்!" என்று கத்தினார். பிறகு இன்னும் நிறையக் கத்தினார்.

"சரின்னு சொல்லியிருக்காங்கண்ணே. நாற்காலி, கதவு, எல்லாத்துக்கும் சரின்னு. ஒரு பதிலும் வரல உங்ககிட்ட இருந்து. ஒரு நாள் பார்த்திருக்காங்க. மனசு மாறிட்டீங்கன்னு நினைச்சு, கேப்டன்கிட்ட இன்னொரு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டாங்களாம். கப்பல் நாளைக்குப் போகுது. அவங்களும் போறாங்க."

ஆமையார் படகின் பலகையில் உட்கார்ந்துவிட்டார். 'போ' என்கிறார் என்று இவர் தவித்த நாளெல்லாம் அந்த அம்மா 'வா' என்றல்லவா சொல்லியிருக்கிறார். சுறாவையே காக்கவைத்தவர், "இறங்குறதுக்கு வழியே இல்லையான்னு கேளுடா" என்றார். பிறகு சோடா கேட்டு முடிப்பதற்குள், "கேட்டியா? கேளேன்!" என்றார்.

வழி இருந்தது. எஞ்சினியரம்மாவுக்குப் பதிலாக வந்தவர் இன்னும் ஊரில் விடுதியில்தான் இருந்தார், சாயங்காலம் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. கம்பெனி சம்மதித்தால் போதும். எல்லாரும் ஏணியில் ஏறினார்கள். கேப்டன் விஷயத்தைக் கேட்டு, தலையில் கையை வைத்து, ஜப்பானில் இருந்த ஆபீஸ்காரருக்குச் செய்தி அனுப்பினார். கப்பல் மேல்தளத்தில் ஆறேழு பேர் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றார்கள். ஆமையாரின் ரப்பர் உடையிலிருந்து தண்ணீர் சொட்டி, தளத்தில் குளம் கட்டியது.

கைபேசி சிணுங்கியது. வந்தது இரண்டு கைகள், சேர்த்துக் கூப்பினபடி.

ஆறேழு தலைகளும் ஒன்றாக அதன்மேல் குனிந்தன.

"கும்புடுறாரு," என்றான் சோடா. "அப்ப நல்லபடியா நடக்கட்டும்னுதானே?"

"பிரார்த்தனை செய்றாரு போல," என்றாள் இளம் பெண். "பிரார்த்தனை எல்லாம் கெட்ட செய்திக்குத்தானே?"

கேப்டன் தாடியைச் சொறிந்தார். அவர் ஜப்பான்காரர்களோடு நெடுநாள் வேலை பார்த்தவர். அவர்கள் இதை நன்றிக்கும் போடுவார்கள், தயவுசெய்து என்பதற்கும் போடுவார்கள், மன்னிக்கணும், முடியாது என்பதற்கும் போடுவார்கள் என்றார். மூன்றில் எது என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டு கைகளும் ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன, பாராட்டுகிறார் என்று சமையற்காரர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். சமையற்காரரை எல்லாரும் முறைத்தார்கள்.

ஆமையாருக்கு ஒரு கால் நிலைகொள்ளவில்லை. அதை ஊன்றினால் மற்றது ஆடியது. "இன்னொரு தடவை அனுப்பிக் கேக்கச் சொல்லு," என்றார்.

"கேட்டா இன்னொரு கை வரும்ணே."

எஞ்சினியரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சட்டென்று கேப்டன் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மணி போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஆமையார் அதற்குள் மூச்சை அடக்கிக்கொண்டார். அவர் அடக்கினால் அரைமணி தாங்கும் என்பார்கள். அன்று தாங்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். எஞ்சினியரம்மா தனக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலத்தையும் சேர்த்து, "நான் இறங்க. இன்று. சரியா, இல்லையா? வாயால் சொல்லுங்கள்" என்றார்.

கேட்டார். தலையாட்டினார். கைபேசியைக் கேப்டனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே போனார்.

"என்னடா சொன்னாங்க? சரின்னாங்களா?"

"தலையை ஆட்டினாங்க."

"ஆட்டினாங்கன்னா? மேலயும் கீழயுமா, பக்கவாட்டுலயா?"

"நான் உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தேண்ணே! நீங்க நீலமா ஆயிட்டிருந்தீங்க!"

ஆமையாரைப் படகுக்கு இறக்கினார்கள். அவர் உட்காரவில்லை. கயிற்று ஏணியின் அடியில் நின்றுகொண்டு மேலே பார்த்தபடியே இருந்தார். படகு அலையில் ஏறி இறங்க, அவரும் ஏறி இறங்கினார். கடைசியில் கைப்பிடிக் கம்பிக்கு மேல் எஞ்சினியரம்மாவின் தலை தெரிந்தது. ஆமையார் இரண்டு கையையும் மேலே நீட்டினார். விரல்களை எப்படி வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விரித்தே வைத்திருந்தார்.

எஞ்சினியரம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் கருவிப் பெட்டியைத் தூக்கி, கம்பிக்கு மேலாக, நேரே அவற்றுக்குள் போட்டார்.

அந்தப் பெட்டியில் இருந்தது முழுக்க இரும்பு. படகு முக்கால் முழம் தள்ளிப் போயிற்று. ஆமையார் பெட்டியை மார்போடு அணைத்தபடி மல்லாந்து கிடந்து, "சோடா, அவங்க இறங்குற வரைக்கும் படகை நகத்தாதடா!" என்று கத்தினார்.